கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் துக்கம் விசாரிப்பது: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இறந்தவருக்கு வயது 41. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்துவந்தார். வீட்டில் மனைவி, தாயார், 14 வயது மகள், 9 வயது மகன். தம்பி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். மனைவியின் பெற்றோர் ஏற்காட்டில் காபி எஸ்டேட் லயன் வீட்டில் இருப்பவர்கள். ஒரு மாலை போன் வந்து வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. பணத் தகராறு ஒன்றில், தெரிந்தவர் ஒருவரால் கொல்லப்பட்டதாக வழக்கு. எங்கே, எதனால், எப்படி என்ற விவரங்கள் இந்தக் கட்டுரையில் வராது. அவை காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் தேவை. துக்கம் விசாரிக்கப் போகிறவருக்குத் தேவையில்லை.

நான் மனநல சமூகப் பணியாளர். அந்தக் குடும்பத்துடன் முதல் வாரத்திலிருந்து தொடர்பில் இருக்கிறேன். அவர்களுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிணவறை வராந்தாவில்

நோயில் இறந்தவருக்கு வீட்டில் துக்கம் தொடங்குகிறது. கொலையில் இறந்தவருக்கு அது அரசு மருத்துவமனைப் பிணவறையின் வராந்தாவில் தொடங்குகிறது. இந்த வேறுபாடு பெரியது. சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழுந்தால் மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு உயிர் பிரிந்த இவருடைய உடலுக்காகக் குடும்பம் விடியும்வரை காத்திருந்தது. காலையில் காவல்துறையின் பிரேத விசாரணை. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் அறிக்கை எழுதப்பட்டது. அதன் பிறகு பரிசோதனை. உடல் கைக்கு வரும்போது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது.

அந்தப் பதினாறு மணி நேரத்தில் மனைவி நடந்ததை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்று தம்பி பின்னால் எண்ணிப் பார்த்தார். புகாரை எழுதிக்கொண்டவரிடம் ஒரு முறை, ஆய்வாளரிடம் ஒரு முறை, பிரேத விசாரணையின்போது ஒரு முறை. இவை தவிர்க்க முடியாதவை. சட்டம் கேட்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இவற்றுக்கு நடுவில் வராந்தாவுக்கு வந்த சொந்தபந்தமும் பட்டறைக்காரர்களும் தெருக்காரர்களும் ஆளுக்கு ஒரு முறை கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஓடி வந்தவர்கள், அழுதவர்கள், இரவு முழுக்க நின்றவர்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் முதலில் வாயில் வருவது "எப்படி நடந்தது?" என்பதுதான். நெஞ்சு வலியில் போனவர் வீட்டில் அந்தக் கேள்வி உண்மையில் ஆறுதல் தரும். மருந்து வாங்கிக் கொடுத்தது, ஆட்டோ பிடித்தது, கடைசியாகத் தண்ணீர் கேட்டது என்று வீட்டார் சொல்லச் சொல்ல, தங்களால் முடிந்ததைச் செய்தோம் என்பது அவர்களுக்கே உறுதியாகும். கொலை நடந்த வீட்டில் அதே கேள்வி நேர்மாறாக வேலை செய்கிறது. அங்கே வீட்டாருக்குச் சொல்ல நினைவு இல்லை. அவர்கள் அங்கே இல்லை. ஆகவே பார்க்காததை அவர்கள் கற்பனை செய்து சொல்ல வேண்டியிருக்கிறது.

வன்முறையில் உறவை இழந்தவர்களுடன் நீண்ட காலம் பணியாற்றிய அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் ரைனியர்சன் இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். நேரில் பார்க்காத குடும்பத்தினரின் மனத்தில்கூட அந்தக் கடைசி நிமிடங்கள் காட்சியாகத் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. இறந்தவர் பயந்திருப்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார், நாம் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்தக் காட்சி தானே வளர்கிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு விவரமும் அதற்குத் தீனி. அந்தத் தெருவில் வெளிச்சமே இல்லையாமே என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் இந்தப் பெண்ணின் காட்சியில் இருட்டு சேர்ந்துகொண்டது. உண்மையில் அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது என்று பல வாரம் கழித்துத் தெரிந்தது. இருட்டு மட்டும் போகவில்லை.

முதல் மூன்று நாள்

வீட்டில் வந்த கேள்விகளை நான் நான்கு வகையாகப் பார்க்கிறேன். நடந்ததைப் பற்றிய கேள்வி முதல் வகை. "பிடித்துவிட்டார்களா? எத்தனை பேராம்?" என்பது அடுத்தது. "முன்பே பகை இருந்ததா, கடன் எவ்வளவு?" என்பது இன்னொன்று. நான்காவதுதான் மிகக் கொடியது. அது கேள்வி மாதிரியே இருக்காது. "அந்த நேரத்தில் ஏன் அனுப்பினாய், கண்ணு?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒரு அத்தை கேட்டார். அந்த அத்தைக்குத் தன் வாயிலிருந்து வந்தது குற்றச்சாட்டு என்று தெரியாது. மனைவிக்குத் தெரிந்தது. அவர் பதில் சொல்லத் தொடங்கினார்: போன் வந்தது, பட்டறை விஷயம் என்றார், சட்டையை மாற்றிக்கொண்டு போனார், நான் சோறு வைத்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்து வந்தவரிடம் இதையே இன்னும் விரிவாகச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் வந்தவர்களிடம் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பார்ப்பவர்களுக்கு, சொல்லி ஆறுகிறார் என்று தோன்றியிருக்கும். உண்மையில் அவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

தானாகக் கொட்டித் தீர்க்கும் பேச்சையும் இப்படி வாதாடும் பேச்சையும் எப்படிப் பிரித்தறிவது? தானாக வரும் பேச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், நடுவில் அறுந்துபோகும், வேறு ஏதாவது பழைய நினைவுக்குத் தாவும், பேசியவர் பிறகு சற்று நேரம் அமைதியாக இருப்பார். வாதாடும் பேச்சு ஒரே வரிசையில் வரும், நேரக் கணக்குகள் நிறைய இருக்கும், எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், முடிந்த கையோடு மறுபடி தொடங்கும். இந்தப் பெண் ஏழேகால் மணி, ஏழரை மணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது செய்ய வேண்டியது தலையாட்டி மேலும் கேட்பது அன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை சாமி, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். படிப்பறிவில்லாத அந்த அம்மா சொன்னதைவிடச் சரியான சொல்லை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

சொல்லவைத்தால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மனநலத் துறையிலும் ஒரு காலத்தில் இருந்தது. பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை முதல் சில நாட்களுக்குள் உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை பல நாடுகளில் பழக்கத்தில் இருந்தது. பிறகு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் அப்படிச் சொல்லவைப்பது பின்னாளைய மனக்காயத்தைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்குத் தொல்லையைக் கூட்டியதாகவும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் தம் கதையைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்றே சொல்கிறது. அவராகப் பேசினால் கேட்பது வேறு; கேட்டு வாங்குவது வேறு.

மகளின் பதில்

இந்த நிகழ்வில் நான் அதிகம் கவலைப்பட்டது மகளைப் பற்றித்தான். அப்பாவுக்குப் போன் வந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போனில் பேசிய குரல் அவள் காதில் லேசாக விழுந்தது. முதல் நாள் பெண் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆயா பக்கத்தில் இருக்க, அவளிடம் கேட்டார். பெண்களையும் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு. அன்று அவள் சொன்னது: "ஆண் குரல். யாருடையது என்று தெரியாது."

நான்காம் நாள் அவள் ஒரு பெயரைச் சொன்னாள்.

இடையில் நடந்தது இதுதான். தெருக்காரப் பெண்கள் சிலர் உள் அறையில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "குரல் கரகரப்பாக இருந்ததா, கண்ணு?" என்று ஒருவர் கேட்டார். அவள் இருக்கலாம் என்றாள். "அப்படியென்றால் அவன்தான். அவனுக்குத்தானே அப்படிக் குரல்" என்றார் இன்னொருவர். மறுநாள் வந்தவர்களிடம் முதல் பெண்ணே, "பிள்ளை குரலை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்" என்று சொன்னார். அவர்கள் அவளிடம் வந்து கேட்டார்கள். ஐந்தாறு முறை அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு அந்தக் குரலே நினைவில் கரகரப்பாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் இயங்குகிறது.

1974இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம், கார்கள் இடித்தபோது வேகம் என்ன என்று சிலரிடமும், மோதி நொறுங்கியபோது வேகம் என்ன என்று சிலரிடமும் கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, பார்த்தோம் என்று சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் பார்த்ததை மாற்றிவிட்டது. துக்க வீட்டில் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் நினைவு என்னவாகும்?

இதன் விளைவு இரண்டு பக்கமும் ஆபத்து. அந்தப் பெயருக்கு உரியவர் தொடர்பே இல்லாதவராக இருந்தால் ஒரு நிரபராதியின் வீட்டில் போலீஸ் நிற்கும். அவரே குற்றவாளி என்றாலும், முதல் நாள் தெரியாது என்று சொன்ன சாட்சி பிறகு எப்படிப் பெயர் சொன்னாள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பார். வீட்டில் யார் யார் வந்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேட்பார். பாசத்தில் கேட்ட கேள்விகள் நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகத் திரும்பி வரும்.

சித்தப்பா, அதாவது இறந்தவரின் தம்பி, இதை முதலில் உணர்ந்தார். அவர் செய்ததை நான் மதிக்கிறேன். மகளைத் திட்டவில்லை, நன்றாக யோசித்துச் சொல் என்று மறுபடி கேட்கவும் இல்லை. விசாரணை அதிகாரியிடம் நேராகப் போய், பெயர் எப்படி வந்தது, யார் முதலில் சொன்னார்கள் என்று உள்ளபடி சொன்னார். மகளிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "உனக்கு நினைவிருப்பதைப் போலீஸ் கேட்டால் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். வேறு யார் கேட்டாலும் சித்தப்பாவைக் கேளுங்கள் என்று சொல்." அவளுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. அதுவரை அப்பாவின் வழக்கே தன் நினைவில்தான் நிற்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாசலில் ஒருவர்

நான்காம் நாள் மாலையில் குடும்பம் ஒரு முடிவு எடுத்தது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டி ஓய்ந்த பெரியப்பா ஒருவர், குரல் உயர்த்தாமல் பேசக்கூடியவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்களிடம் அவர் சொன்னது ஒரே வாசகம்: "போலீஸ் விசாரணை நடக்கிறது. அதைப் பற்றி உள்ளே யாரிடமும் கேட்க வேண்டாம். என்ன கேட்க வேண்டுமோ என்னிடம் கேளுங்கள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்." அவரிடம் கேட்டால், கைதானவர் பற்றியும் வழக்கு எண் பற்றியும் காவல்துறை சொன்னதை மட்டும் சொல்வார். ஊகத்துக்கு, எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். ஒரு செய்தியாளர் வந்தபோதும் அதே வாசகம். பிள்ளைகளின் படம் மட்டும் கூடாது என்று கூடுதலாக ஒன்று சொன்னார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். "கேட்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தால் அக்கறையில்லாதவர்கள் என்று நினைக்க மாட்டார்களா?" என்று இன்னொருவர் பெரியப்பாவிடமே கேட்டார். நியாயமான கேள்வி. கேட்பதுதான் நம் ஊரில் அக்கறையின் அடையாளம். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வைத்தாக வேண்டும். வெறும் மௌனம் எல்லோருக்கும் வராது.

இறந்தவருடன் இருபது ஆண்டு வேலை செய்த பட்டறைத் தோழர் ஒருவர் ஐந்தாம் நாள் வந்தார். உள்ளே போய் இறந்தவரின் தாயார் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "ஊதுகுழலை அவன் மாதிரிப் பிடிக்க எங்கள் பட்டறையில் ஆள் இல்லை ஆயா. கன்னத்தை உப்பாமலே ஊதுவான். சின்ன முத்து ஒன்றுகூட கருகாது" என்றார். தாயார் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்ல நிமிர்ந்து, பதினைந்து வயதில் முதன்முதலாகப் பட்டறைக்குப் போன அன்று மகன் விரலைச் சுட்டுக்கொண்டு வந்ததையும், அடுப்படியில் மாவுப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதையும் சொன்னார். பேரன் வந்து ஆயாவின் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அறையில் அப்போதுதான் அந்த மனிதர் வழக்கின் பொருளாக இல்லாமல் மகனாகவும் அப்பாவாகவும் திரும்பி வந்தார்.

அதன் பிறகு பெரியப்பா தன் வாசகத்தில் ஒன்றைச் சேர்த்தார்: "அவனைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்பார்கள்." இது நன்றாக வேலை செய்தது. வருகிறவருக்கும் வாயில் ஒரு பேச்சு இருந்தது. கொலையானவரின் கடைசி ஒரு மணி நேரம் அவருடைய நாற்பத்தொரு வருடத்தையும் விழுங்கிவிடுகிறது. நல்ல துக்க விசாரிப்பு அதைத் திருப்பித் தருகிறது.

சில சொற்கள் எவ்வளவு நல்லெண்ணத்துடன் வந்தாலும் உதவவில்லை. விதி என்று சொன்னபோது மனைவி எழுந்து உள்ளே போனார். ஒரு மனிதன் செய்ததை விதி என்று சொன்னால் செய்தவன் விடுபட்டுவிடுகிறான் என்று பின்னால் எனக்கு விளக்கினார். அவனை இப்படிச் செய்ய வேண்டும், அப்படிச் செய்ய வேண்டும் என்று இளைஞர்கள் பேசியது தம்பியின் மேல் சுமையாக விழுந்தது. அந்த ஆத்திரம் உண்மையானது. ஆனால் அதை அடுத்து யார் செய்வது என்ற எதிர்பார்ப்பு, ஆண் பிள்ளை என்று அவரைத்தான் பார்த்தது. பெரியப்பா அவர்களைத் தெருமுனைக்கு அழைத்துப் போய்ப் பேசினார். கைப்பேசியில் சுற்றிய ஒரு காணொளியை யாரும் வீட்டாரிடம் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது, தெரிந்தவர்கள் அழித்துவிட வேண்டும் என்பதையும் அங்கேதான் சொன்னார்.

வீட்டார் தாமாகக் கேட்கும் கேள்விகளும் உண்டு. ஆறாம் நாள் மனைவி என்னிடம், "அவருக்கு ரொம்ப வலித்திருக்குமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு வலித்திருக்காது என்று பொய்யான உறுதி தரக் கூடாது. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ சாட்சியோ பிறகு வேறு சொன்னால், ஆறுதல் சொன்னவரின் எல்லாச் சொல்லும் சேர்ந்து விழுந்துவிடும். விவரித்துச் சொல்வதும் கூடாது. "எனக்குத் தெரியாது அம்மா. பரிசோதித்த டாக்டருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பும் நாளில் நான் கூட வருகிறேன், சேர்ந்து கேட்போம். இன்றைக்கே தெரிய வேண்டும் என்று இல்லை" என்றேன். பல மாதம் கழித்து அவர் கேட்டார். டாக்டர் எளிமையாக, நான்கே வாக்கியத்தில் சொன்னார். அந்தப் பெண் அந்த நான்கு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கையால் செய்யும் ஆறுதல்

அந்த வீட்டுக்குப் பேச்சைவிட ஆள் துணைதான் அதிகம் தேவைப்பட்டது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதை வாங்கி வைக்கப் பக்கத்து வீட்டு ஆசிரியர் தம்பியுடன் போனார். இறந்தவரின் கைப்பேசி, பர்ஸ், மணிக்கட்டில் இருந்த வெள்ளிக் காப்பு ஆகியவை வழக்குச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டிருந்தன. காப்பு எங்கே என்று வந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் தாயார் துடித்துப்போனார். அது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் திரும்பும் என்று ஆசிரியர் ஒருமுறை நிதானமாக எடுத்துச் சொன்ன பிறகு அந்தத் துடிப்பு அடங்கியது.

இழப்பீடு பற்றி முதல் வாரத்தில் வீட்டாரிடம் பேச வேண்டாம். ஆனால் துணையாக நிற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குற்றத்தால் உறவை இழந்து வருமானம் போன குடும்பத்துக்குத் தமிழ்நாட்டின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாத நிலையிலும் மனு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குத் தம்பியை அழைத்துப் போனவர், முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அதே தூரத்துச் சொந்தக்காரர்தான். அவருக்கு அங்கே ஒரு குமாஸ்தாவைத் தெரியும். பெரியப்பா அவரைத் தேடிப் போய்க் கேட்டதும் மறுக்காமல் வந்தார். கேள்வி கேட்டுத்தான் அக்கறை காட்டத் தெரிந்தவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் அந்த அக்கறை நல்ல வழியில் போகிறது.

கருமாதிக்குப் பிறகு

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து மனைவி பிள்ளைகளுடன் ஏற்காடு போனார். ஒரு மாதம் அங்கே இருந்தார். லயன் வீடுகளின் பெண்கள் மாலையில் காபிப் பழம் பறிக்கும் வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்காருவார்கள். சுண்டலோ கிழங்கோ கொண்டுவருவார்கள். அவருடைய தாயார் முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை. சேலத்தில் நான்காம் நாள் எடுத்த முடிவை இங்கே முதல் நாளே எடுத்திருந்தார்கள். மகனுக்கு அங்கே தூக்கம் திரும்பியது. மகளுக்குத் திரும்பவில்லை, போன் மணி அடித்தால் உடல் விறைத்துக்கொள்வாள்.

இந்த நிலையில் சேலம் திரும்பிய பிறகு கேள்விகளின் இரண்டாம் அலை வந்தது. கொலை வழக்கில் கைதானவர்மீது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவருக்குப் பிணையில் வெளியே வரும் உரிமை பிறக்கிறது. அதற்கு முன்பும் பின்பும் நீதிமன்றம் வேறு காரணங்களுக்காகப் பிணை வழங்கலாம். இந்த வழக்கில் குற்றப்பத்திரிகை உரிய நாளில் தாக்கலானது. ஆனாலும் சில மாதம் கழித்துக் கைதானவருக்குப் பிணை கிடைத்தது. மனைவிக்கு அந்தச் செய்தி காய்கறிக் கடையில் கிடைத்தது. "வெளியே வந்துவிட்டானாமே, இனி என்ன செய்வீர்கள்?" என்று தெரிந்த பெண் ஒருவர் கேட்டார். பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தவர் இரண்டு நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிணை என்பது விடுதலையன்று, வழக்கு அப்படியே இருக்கிறது, சாட்சிகளை அணுகக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறது, மீறினால் பிணையை ரத்து செய்யக் கேட்கலாம் என்று நானும் தம்பியும் உட்கார்ந்து விளக்கினோம். முதலில் இதைச் சொல்லி, அதன் பிறகு செய்தியைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் இருந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. தம்பி மாதம் ஒருமுறை காவல் நிலையத்திலும், வாய்தா தேதிகளில் அரசு வழக்கறிஞரிடமும் கேட்டு வருவார். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டமே சொல்வதால், அவர் கேட்பது உரிமையோடு கேட்பதுதான். தெருவில் செய்தி பரவுமுன் அவர் வந்து அண்ணியிடம் சொல்லிவிடுவார். வெளியில் யாராவது கேட்டால் அண்ணிக்குப் பதில் தயார்: "தெரியும், என் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார்."

மகளின் நிலை ஆறு மாதம் கழித்தும் மாறாததால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். துக்கம் நீண்டு, அன்றாட வாழ்வையே முடக்கிப்போட்டு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தனியான ஒரு கோளாறாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது ஏற்றுக்கொள்கிறது. அவளுக்கு இருந்தது அதுவும் அதிர்ச்சியின் பின்விளைவும் கலந்தது. நடந்ததைச் சொல்லிப் பார்க்கும் சிகிச்சை அங்கே அவளுக்குக் கிடைக்கிறது. தேர்ந்த ஒருவருடன், அவளுடைய வேகத்தில், பாதியில் நிறுத்தும் உரிமையுடன். கூட்டமாக உட்கார்ந்து கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரவில் பதற்றம் கூடும்போது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அம்மாவே அழைக்கக் கற்றுக்கொண்டார்.

வழக்கு இப்போது அமர்வு நீதிமன்றத்தில் இருக்கிறது. மகளுக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. முதல் நாள் வாக்குமூலமும் பிறகு சித்தப்பா அதிகாரியிடம் சொன்னதும் கோப்பில் இருக்கின்றன. குரல் யாருடையது என்று தனக்குத் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறாள். அரசுத் தரப்பு இந்த வழக்கை அவள் குரல் நினைவில் நிறுத்தவில்லை. தொலைபேசி அழைப்பு விவரங்கள் தனியாக இருக்கின்றன. சாட்சி சொல்லும் வாரத்தில் வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று பெரியப்பா சொந்தக்காரர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டார். நீதிமன்றத்துக்கு அம்மாவும் பக்கத்து வீட்டு ஆசிரியரும் மட்டும் கூடப் போகிறார்கள்.